நித்யா – கார்த்திகேயன் நிச்சயதார்த்தம்: சொந்தங்களுக்கு ஒரு வீடியோ

(நாதஸ்வரம், தவில். கும்பகோணத்து வீட்டு வாசலில் மாக்கோலம், மாவிலைத் தோரணம்.)

அருண், பெண்ணின் தம்பி: தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை எல்லாருக்கும் வணக்கம்! எங்கள் நித்யா அக்காவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது!

செல்வி, மாப்பிள்ளையின் அக்கா: என் தம்பி கார்த்திகேயனுக்கும்தான்! ஆச்சி இந்தச் செய்தியைத் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மிச்சம் இருப்பவர்களுக்கு நாங்கள் சொல்கிறோம்.

(திரையில்: ஆவணி 19, வியாழக்கிழமை, 4.9.2025)

அருண்: கும்பகோணம் சுந்தரம் – மங்களம் தம்பதியின் மகள் நித்யா.

செல்வி: பாளையங்கோட்டை முத்துக்குமார் – காந்திமதி தம்பதியின் மகன் கார்த்திகேயன்.

(இரு அப்பாக்களும் தட்டு மாற்றிக்கொள்ளும் காட்சி.)

அருண்: பெரியவர்கள் முன்னால் லக்னப் பத்திரிகை வாசித்துத் தட்டு மாற்றிக்கொண்டோம். எங்கள் தட்டில் காவிரிக்கரைக் கொழுந்து வெற்றிலை. அவர்கள் தட்டில் திருநெல்வேலி அல்வா. பந்தி முடிவதற்குள் அந்த அல்வா தீர்ந்துபோனது, மாமா! கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

(ஆச்சி நித்யாவுக்குப் பூ வைக்கிறார். நித்யா காலைத் தொட்டு வணங்குகிறாள்.)

செல்வி: இது எங்கள் ஆச்சி. முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் ரயிலில் வந்தார்கள். "பேத்திக்கு என் கையால்தான் பூ வைக்கணும்" என்று பிடிவாதம். மங்களம் அத்தை, ஆச்சியைப் படியேற விடாமல், கூடத்திலேயே நாற்காலி போட்டு, கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். அத்தை, அதை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டோம்.

அருண்: முத்துக்குமார் மாமாவும் அப்படித்தான். பந்தியில் உட்காரச் சொன்னால், "முதலில் பெண் வீட்டுப் பெரியவர்கள் உட்காரட்டும்" என்று நின்றுவிட்டார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

(நித்யாவும் கார்த்திகேயனும் சேர்ந்து, கைகூப்பி.)

நித்யா: வீட்டோடு செய்த நிகழ்ச்சி என்பதால் எல்லாரையும் அழைக்க முடியவில்லை. ஆனாலும் உங்கள் ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டோம். அப்பாவைப் பெற்ற தாத்தா படத்துக்கு முன்னால் விளக்கேற்றித்தான் தொடங்கினோம்.

கார்த்திகேயன்: கல்யாணம் தை மாதம் கும்பகோணத்தில். வரவேற்பு பாளையங்கோட்டையில். இந்த வீடியோ செய்தி சொல்வதற்கு மட்டும்தான், அழைப்பு இல்லை. பத்திரிகை அச்சானதும் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வெற்றிலை பாக்கோடு உங்கள் வீடு தேடி வருவார்கள்.

நித்யா: அதுவரை உங்கள் ஆசீர்வாதத்தைப் போனிலேயே சொல்லுங்கள். இருவரும் சேர்ந்தே பேசுகிறோம்.

செல்வி: அப்புறம், மூன்றாவது முடிச்சு போடப்போகும் நாத்தனார் நான்தான். பட்டுப்புடவை இப்போதே எடுத்தாயிற்று!

(எல்லாரும் சிரிக்க, கெட்டிமேளம். இரு குடும்பமும் சேர்ந்து நிற்கும் படம்.)

திரையில்: உங்கள் நல்லாசி வேண்டும்.
சுந்தரம் – மங்களம் குடும்பத்தினர், கும்பகோணம்
முத்துக்குமார் – காந்திமதி குடும்பத்தினர், பாளையங்கோட்டை