மூன்றாம் வகுப்பு அறிவியல்: டம்ளருக்கு வெளியே தண்ணீர் எப்படி வந்தது?

குழந்தைகளா, இது ஐஸ் போட்ட எவர்சில்வர் டம்ளர். வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள், ஈரம்! டம்ளரில் ஓட்டை கிடையாது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? யாரும் கை தூக்க வேண்டாம். ஒரு நிமிடம் பேசாமல் யோசித்து, சிலேட்டில் வரையுங்கள்.

சரி, இப்போது ஜோடியாகத் திரும்புங்கள். ஜன்னல் பக்கம் இருப்பவர் முதலில் பேசட்டும். "நான் நினைக்கிறேன்... ஏன்னா..." என்று ஆரம்பியுங்கள். மணி அடித்ததும் மற்றவர். படத்தைக் காட்டியும் சொல்லலாம்.

அப்புறம் டப்பாவிலிருந்து பெயர்ச்சீட்டு எடுப்பேன். பெயர் வந்தவர், தன் ஜோடி சொன்னதைச் சொன்னால் போதும்.

(ஆசிரியருக்கு: உடனே 'சரி', 'தப்பு' சொல்லிவிடாதீர்கள். "வேறு எந்த ஜோடி இப்படி நினைத்தது?" என்று கேளுங்கள். மெதுவாகப் பேசும் குழந்தையின் பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்தக் குரலுக்காக வகுப்பே காத்திருக்கலாம்.)

அடுத்த கேள்வி: உள்ளே இருக்கும் தண்ணீரில் சிவப்புக் கலர் கலந்தால், வெளியே இருக்கும் துளி என்ன நிறம்? யோசியுங்கள், பேசுங்கள், பிறகு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்போம்.

கடைசியாக: ஏற்காட்டில் மூடுபனி நேரத்தில் சேலம் பஸ்ஸின் கண்ணாடி உட்பக்கம் மங்குகிறது. அந்த ஈரத்தைக் கொண்டுவந்தது யார்?