டெங்கு ஊடக அறிக்கை: முதல் வரிக்கான திருத்தம்

தம்பி,

சனிக்கிழமை உப்புவெளிக் கூட்டத்துக்கான ஊடக அறிக்கையை வாசித்தேன். இடம், நேரம், பேச்சாளர் விபரம் எல்லாம் சரி. முதல் வரியை மட்டும் இப்படியே பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டாம்:

"டெங்கை 77 வீதம் ஒழிக்கும் புது நுளம்பு: திருகோணமலைக்கும் விடிவு!"

77 என்ற எண் உண்மையானதுதான். ஆனால் அது இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் கிடைத்தது. அந்த நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கிப் போட்டுத் தேர்ந்த 12 பகுதிகளில் வொல்பாக்கியா பாக்டீரியா உள்ள நுளம்புகளை விட்டார்கள். அப்புறம் காய்ச்சலோடு சிகிச்சை நிலையங்களுக்கு வந்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நுளம்பு விட்ட பகுதிகளிலிருந்து வந்தவர்களில் 2.3 வீதத்தினருக்கு டெங்கு இருந்தது. விடாத பகுதிகளில் 9.4 வீதத்தினருக்கு. இந்த வித்தியாசத்தைத்தான் 77 என்கிறார்கள். அதுவும் 65க்கும் 85க்கும் இடையில் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். நல்ல முடிவு, மறுக்கவில்லை. ஆனாலும் நுளம்பு விட்ட இடத்திலும் ஆட்களுக்கு டெங்கு வந்திருக்கிறது. அப்படியிருக்க ஒழிந்தது என்று எப்படிச் சொல்வது?

'புது நுளம்பு' என்றதும் மரபணுவை மாற்றிவிட்டார்கள் என்று சனம் பயப்படும். டெங்கைப் பரப்பும் அதே ஈடிஸ் எஜிப்தி நுளம்புதான். உடலில் இந்தப் பாக்டீரியா இருந்தால் அதற்குள் டெங்கு வைரஸ் எளிதில் பெருகாது, அவ்வளவுதான்.

'விடிவு' என்ற சொல்தான் எனக்குப் பெரிய கவலை. நாம் நடத்துவது விளக்கக் கூட்டம், நுளம்பு விடும் திட்டம் இல்லை. மாரி மழை தொடங்கப் போகிறது. இந்த வரியை வாசித்த ஒரு தாய், "டெங்குக்குத்தான் வழி வந்துவிட்டதே" என்று பிள்ளையின் காய்ச்சலை வீட்டில் வைத்தே இரண்டு மூன்று நாள் பார்த்தால் என்ன ஆகும்? கிணற்றடி வாளியையும் பழைய டயரையும் யார் கவிழ்த்து வைப்பார்கள்?

அதனால் தலைப்பு இப்படி இருக்கட்டும்:

"டெங்கைக் குறைக்க உதவிய நுளம்புகள்: இந்தோனேசிய ஆய்வு பற்றி உப்புவெளியில் விளக்கம்"

அதற்குக் கீழே:

"இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில், வொல்பாக்கியா பாக்டீரியா உள்ள நுளம்புகள் விடப்பட்ட பகுதிகளில் டெங்கு நோய், விடப்படாத பகுதிகளைவிட ஏறத்தாழ 77 வீதம் குறைவாக இருந்ததாக 2021 ஜூனில் வெளியான ஆய்வு காட்டுகிறது. வேறு ஊர்களில் இதே அளவு பலன் கிடைக்குமா என்பதை அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. திருகோணமலை மக்கள் வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதையும், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போவதையும் தொடர வேண்டும்."

பத்திரிகைக்காரர் சுருக்கக் கேட்டால் நடு வசனத்தை வெட்ட விடாதீர்கள். 'யோக்யகர்த்தா' என்ற பெயரும் இருக்க வேண்டும். மற்றபடி உங்கள் விருப்பம்.

அக்கா