83 குறிப்புகளிலிருந்து வாங்குபவர்களுக்கான சுருக்கம்: இரண்டு மாடி வீடு, ஆய்வறிக்கை 64 பக்கம்

வணக்கம் சார், மேடம்.

நீங்கள் அனுப்பிய ஆய்வறிக்கையை இரண்டு முறை படித்தேன். போன வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டையும் ஒரு பகல் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். அறிக்கை எழுதியவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார், எதையும் விடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லிவிட்டார். 41ஆம் பக்கத்தில் "ஸ்விட்ச் போர்டு மூடி நிறம் மங்கியுள்ளது" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி "ஆர்சிசிபி சோதனைப் பொத்தானை அழுத்தினால் டிரிப் ஆகவில்லை". ஆர்சிசிபி என்பது மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. முதல் வரியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, இரண்டாவது வரியால் ஆள் சாகலாம். அந்த வித்தியாசம் தெரியும்படி பிரித்துக் கொடுப்பதுதான் இந்தத் தாளின் வேலை.

வீடு வாங்கத் தகுந்ததுதான். அஸ்திவாரம் இறங்கிய அடையாளம் எங்கும் இல்லை. தூண்கள் நன்றாக இருக்கின்றன. தொல்லை முழுக்கத் தண்ணீரால் வந்தது. மொட்டைமாடியிலும் மாடிக் குளியலறையிலும் தண்ணீர் நிற்கிறது, மற்ற பெரும்பாலான குறிப்புகள் அந்த இரண்டின் பிள்ளைகள். பெரிய படுக்கையறையின் ஒரே கறை மட்டும் கூரை, சுவர், பெயின்ட், ஜன்னல் சட்டம், வாடை என்று ஐந்து தலைப்புகளில் ஐந்து முறை வருகிறது. இப்படிச் சேர்த்துப் பார்த்தால் 83 குறிப்புகளில் அவசரம் 9, பிறகு செய்ய வேண்டியது 28, வெறும் தோற்றம் 46. அந்த 9-ம் நான்கு வேலைகளாகச் சுருங்குகின்றன.

அவசரம்: பேச்சை முடிக்கும் முன் தெரிய வேண்டியவை

1. மாடி பால்கனி (பக்கம் 52). அறிக்கை இதை "தரை ஓட்டில் விரிசல், அழகுக் குறை" என்று கடைசிப் பட்டியலில் போட்டிருக்கிறது. நான் அதை முதலிடத்துக்குக் கொண்டு வந்திருக்கிறேன். விரிசல் சுவரை ஒட்டி, சுவருக்கு இணையாக, ஏறக்குறைய 1.4 மீட்டர் ஓடுகிறது. அளவுகோல் அட்டையை வைத்துப் பார்த்ததில் அகலம் 0.6 மி.மீ. பால்கனி ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கும் தளம். அதன் முக்கியக் கம்பி அடியில் இருக்காது, மேல்பக்கத்தில்தான் இருக்கும், இழுவை முழுக்க அங்கேதான். அந்த இடத்தில் விரிசல் விழுந்து, அதற்குள் மழைத் தண்ணீர் இறங்கினால், துருப்பிடிப்பது பால்கனியைத் தாங்கும் கம்பியே. ஓடு மட்டும் வெடித்திருந்தால் நல்லது. ஆனால் ஓட்டைப் பெயர்த்துக் கீழே கான்கிரீட்டைப் பார்க்காமல் யாரும் அதைச் சொல்ல முடியாது. ஓர் அடிக்கு ஓர் அடி திறந்தால் போதும், அரை நாள் வேலை. இப்போது அங்கே பன்னிரண்டு மண்தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றை இறக்கச் சொல்லுங்கள். வீடு பார்க்கப் போகும்போது நாலைந்து பேராக அதில் நின்று பேசவும் வேண்டாம்.

2. பெரிய படுக்கையறைக் கூரை (பக்கம் 18 முதல் 23). கட்டில் போடும் இடத்துக்கு நேர் மேலே, 40 செ.மீ. நீளத்துக்குக் காரை விழுந்து கம்பி தெரிகிறது. சுற்றிக் குச்சியால் தட்டினால் இன்னும் இரண்டு கை அகலத்துக்கு 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம். அதுவும் விழும். 8 மி.மீ. கம்பியில் துருவைச் சுரண்டிவிட்டு அளந்தேன், 6.5 மி.மீ. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அறிக்கைக்காரர் பினாப்தலீன் தெளித்துப் பார்த்திருக்கிறார். நல்ல கான்கிரீட்டாக இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும், இங்கே கம்பி வரை நிறமே வரவில்லை. அதாவது, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை அங்கே தீர்ந்துவிட்டது.

இதற்கு விற்பவர் தரப்பில் "சிமென்ட் பூசிக் கொடுத்துவிடுகிறோம்" என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அந்த ஊதல்தான் காரையைத் தள்ளியது, புதுப் பூச்சையும் அதேபோல் தள்ளும். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துரு போக்கி, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பழுதுக்கான கலவையால் நிரப்ப வேண்டும். எத்தனை கம்பி, எவ்வளவு நீளம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தர வேண்டும்.

3. அதே கூரைக்கு மேலே மொட்டைமாடி (பக்கம் 9, 10, 14). மேலே தண்ணீரை நிறுத்தாமல் கீழே செய்யும் எந்த வேலையும் வீண், அதனால் வரிசை மாறக் கூடாது. தண்ணீர் வெளியேறும் வாய்கள் நான்கு, அவற்றில் இரண்டு இலையும் சிமென்ட் கழிவும் அடைத்துக் கிடக்கின்றன. படுக்கையறை மூலையில் குழி விழுந்து, தண்ணீர் நின்று காய்ந்த கறை வட்ட வட்டமாகத் தெரிகிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் பூச்சு பிளந்திருக்கிறது. வாய்களைச் சுத்தம் செய்ய ஒருநாள் கூடத் தேவையில்லை. தளவரிசையைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து, நீர்த்தடுப்பு போடுவது பெரிய வேலை, மழைக்கு முன் முடிய வேண்டும்.

4. மின்சாரம் (பக்கம் 41, 43). ஆர்சிசிபி வேலை செய்யவில்லை. மாடிக் குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு எர்த் இணைப்பு இல்லை. தனித்தனியாகவே மோசம். இங்கே இரண்டும் ஒரே ஹீட்டரில் சேர்ந்திருக்கின்றன. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் புது ஆர்சிசிபி, ஹீட்டருக்குச் சரியான எர்த், பிறகு எர்த் தடை அளவு எடுத்த சான்று, இவை மூன்றும் வேண்டும். நான்கில் மலிவான வேலை இதுதான். சாவி கைக்கு வந்த அன்றே செய்யுங்கள், அதுவரை அந்த ஹீட்டரை யாரும் தொட வேண்டாம்.

பிறகு: ஓராண்டுக்குள், ஆனால் மறந்துவிடக் கூடாதவை

மாடிக் குளியலறையை எங்கே வைப்பது என்று கொஞ்சம் யோசித்தேன். அதன் கீழே சமையலறைச் சுவர் ஓதம் காத்து, உப்புப் பூத்திருக்கிறது. அவசரத்தில் சேர்க்காததற்குக் காரணம், அங்கே கம்பி இன்னும் பாதிக்கப்படவில்லை. முதலில் கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடிக்க வேண்டும். வெளியேறும் வாயை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். கீழே ஈரம் கூடினால் தரையின் நீர்த்தடுப்பு போய்விட்டது என்று பொருள், ஓட்டைப் பெயர்க்க வேண்டும். கூடாவிட்டால் சுவருக்குள் இருக்கும் குழாயைச் சந்தேகப்படுங்கள். ஓட்டு இடுக்குகளில் கிரவுட் மட்டும் பூசினால் சரியாகும் என்று சொல்லும் பிளம்பரிடம், இந்தச் சோதனைக்கு அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

பின்கதவு நிலை. கரையான் மண்கோடு தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினேன், வெண்ணெயில் போவதுபோல் ஒரு அங்குலம் உள்ளே போயிற்று. நிலையை மாற்றினால் மட்டும் போதாது, சுற்றிலும் மண்ணுக்கு மருந்தும் அடிக்க வேண்டும். மற்றக் கதவுகளைக் குத்திப் பார்த்தேன், சுத்தம்.

கீழ்த்தளத்தில் கிழக்குச் சுவரின் ஓதத்துக்குக் காரணம் வெளியேதான். யாரோ பிற்காலத்தில் முற்றத்துக்குத் தளம் போட்டு, அதை வீட்டின் தரை மட்டத்துக்கே உயர்த்திவிட்டார்கள். அந்தத் தளத்தைச் சுவரோரம் ஓர் அடி அகலத்துக்கு வெட்டித் தாழ்த்தி, வாட்டத்தை வெளிப்பக்கம் திருப்பினால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதி சின்னவை. மேல்நிலைத் தொட்டியின் மூடி உடைந்திருக்கிறது, மிதவை வால்வு ஒழுகுகிறது. ஜன்னல் சன்ஷேட் இரண்டில் மேல்பூச்சு பிளவு. மாடிப்படிக் கைப்பிடி ஆடுகிறது. வீட்டில் குழந்தை இருந்தால் கைப்பிடியை மேலே உள்ள பட்டியலோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோற்றம்: இதைப் பேரத்துக்கு எடுக்காதீர்கள்

46 குறிப்புகள். பெயின்ட் உரிவு, ஓட்டு நிற வேறுபாடு, கதவுப் பிடி தளர்வு, பூச்சில் சிலந்திவலைபோல் மெல்லிய வெடிப்பு. இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விற்பவரிடம் பேசினால், மேலே உள்ள நான்கின் கனம் குறைந்துபோகும்.

ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிக்கையில் அது சிவப்பு எழுத்தில் இருக்கிறது. நீங்களும் தொலைபேசியில் முதலில் அதைத்தான் கேட்டீர்கள். 29ஆம் பக்கத்தில் "ஹாலில் கிடைமட்ட விரிசல், கட்டமைப்பு சார்ந்ததாக இருக்கலாம்". பீமுக்கு அடியில், செங்கல் சுவர் தொடங்கும் இடத்தில் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகிறது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. இடையில் கம்பிவலை வைக்காமல் பூசினால் அந்தச் சந்திப்பு இப்படித்தான் பிளக்கும். பீமில் விரிசல் இல்லை, தொய்வும் இல்லை. பூச்சை வெட்டி எடுத்து, வலை அடித்து, மறுபடி பூசினால் போதும். மனத் திருப்திக்காக அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு இழுத்துத் தேதி போட்டு வந்திருக்கிறேன். அடுத்த முறை போகும்போது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். ஈரம் போகாத சுவரில் பட்டி பார்த்து அடித்தால் அடுத்த மழையில் பொருக்குப் பொருக்காக வரும்.

பார்க்காதவை

மாடியில் பூட்டிய அறை ஒன்று (சாவி இல்லை என்றார்கள்), ஹாலின் பொய்க்கூரைக்கு மேல்பகுதி, சமையலறை அலமாரிக்குப் பின்சுவர். மூன்றும் அறிக்கையில் 61ஆம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கின்றன. பூட்டிய அறை பெரிய படுக்கையறையை ஒட்டி, அதே மொட்டைமாடிக் குழிக்குக் கீழே இருக்கிறது. அதன் கூரையைப் பார்க்காமல் இரண்டாவது வேலையின் அளவை யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே விற்பவரிடம் இப்போதைக்கு இரண்டே கோரிக்கை வையுங்கள். பூட்டிய அறையைத் திறக்கட்டும், பால்கனியில் ஓர் ஓட்டைப் பெயர்க்க அனுமதி கொடுக்கட்டும். பெயர்த்த ஓட்டைத் திரும்பப் பதித்துக் கொடுப்பது நம் பொறுப்பு என்று சொல்லுங்கள், மறுக்கக் காரணம் இருக்காது. நாள் முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள், நானும் வந்துவிடுகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.