11 மே 1918, சனிக்கிழமை, ராத்திரி

நாளைக்கு ஞாயிறு, நூல் மில்லில் சங்கு ஊதாது. அதனால்தான் சிமினியை அணைக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மண்ணெண்ணெய் விற்கிற விலைக்கு அம்மா திட்டத்தான் செய்வாள். அவளும் இன்றைக்கு அசதியில் தூங்கிவிட்டாள்.

காலையில் ஓட்டேரியிலிருந்து கிளம்பும்போது நட்சத்திரம் போகவில்லை. ஆறு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரை. நடுவில் அரை மணி. அந்த அரை மணியில் கை கழுவ குழாயடியில் நின்று, கூழைக் கரைத்துக் குடித்து, ஒதுங்கிவிட்டு வர வேண்டும். பொம்பளைகளுக்குப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாதென்று கேட்டில் தமிழிலும் போர்டு போட்டிருக்கிறது. எங்கள் வரிசையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாரியம்மா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ பன்னெண்டு மணி நேரமானா அவுங்க குத்தமா, நம்ம குத்தமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கத்திரி வெயில். இழை அறுந்துவிடும் என்று ஜன்னல்களை அடைத்தே வைக்கிறார்கள். தலை, புருவம், கழுத்து எல்லாம் பஞ்சு. எச்சில் துப்பினால் அதிலும் பஞ்சு.

இன்றைக்கு மாரியம்மா அக்காவுக்கு நடந்ததை எழுதத்தான் நோட்டை எடுத்தேன். அவளுக்கு இது ஏழாம் மாசம். நூல் சுற்றும் ரீலுக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்கிறாள், கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் அவள் ரீலிலிருந்து இறக்கிய நூல் சிட்டங்களைக் கிளார்க்கு எடுத்துப் பார்த்தார். "சுற்று குறையுது, நூல் திருடற" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, அரை நாள் கூலியை வெட்டிவிட்டார்.

எனக்கு அடிவயிறு எரிந்தது. ரீல் ஒரு சுற்று சுற்றினால் ஒன்றரை கெஜம். எண்பது சுற்றானால் ஒரு கட்டு. அப்புறம் இழை கொஞ்சம் நகர்ந்து அடுத்த கட்டு விழும். ஏழு கட்டும் விழுந்தால்தான் ஒரு சிட்டம், எண்ணூற்று நாற்பது கெஜம். சுற்றை எண்ணுவது மெஷின். அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடுவதுதான் நாங்கள். அக்கா எதைத் திருட முடியும்?

பயத்தோடுதான் சொன்னேன், "ஐயா, ஒரு கட்டை எண்ணிப் பாருங்க." அவர் எண்ணவில்லை. நானே அக்காவின் சிட்டத்தை மடியில் போட்டு, ஒரு கட்டைப் பிரித்து, விரலில் இழை இழையாகத் தள்ளி எண்ணினேன். எண்பது. அடுத்ததும் எண்பது. மூன்றாவதில் எழுபத்தொன்பது. அங்கே ஒரு முடிச்சு. இழை அறுந்ததை அக்கா கவனிப்பதற்குள் ரீல் ஒரு சுற்று ஓடியிருக்கிறது. ஒரே ஒரு சுற்று. ஒன்றரை கெஜத்துக்கு அரை நாள் கூலியா?

மேஸ்திரி வந்து, "உன் ரீலைப் போய்ப் பாரு" என்று விரட்டினார். வெட்டிய கூலி வெட்டியதுதான். அக்கா அழவில்லை. முந்தானையால் என் தலையிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

தம்பி இப்போதுதான் பெரம்பூரிலிருந்து வந்தான். போன மாசக் கடைசியில் ஆரம்பித்த தொழிலாளர் சங்கத்தைப் பற்றியே பேசுகிறான். வாடியா ஐயா என்கிறவர் இங்கிலீஷில் பேசுவாராம், தமிழில் ஒருத்தர் சொல்வாராம். சாப்பாட்டுக்கு அரை மணி போதாது என்று கேட்கிறார்களாம். கேட்க ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் புதுசாக இருந்தது. "பொம்பளைங்க பேரும் எழுதுவாங்களாடா?" என்றேன். விசாரித்துச் சொல்கிறேன் என்றான்.

அவன் சொல்லும் வரை சும்மா இருக்க மாட்டேன். நாலாங்கிளாஸ் வரைக்கும் படித்தது இதற்காவது உதவட்டும். கிளார்க்கு நோட்டில் என்ன எழுதுகிறாரோ, இங்கேயும் எழுதி வைக்கிறேன். அக்காவுடையதையும் சேர்த்து.

நான்: ஒன்பது தரம் இறக்கினேன், தரத்துக்கு நாற்பது, மொத்தம் 360 சிட்டம். இருபதாம் நம்பர் நூல், இருபது சிட்டம் ஒரு ராத்தல். பதினெட்டு ராத்தல்.

மாரியம்மா அக்கா: ஏழு தரம், 280 சிட்டம். பதினாலு ராத்தல். கூலி வெட்டு, அரை நாள். குறைந்திருந்தது ஒரே ஒரு சுற்று.