மாணவர் பதிவுகளும் பெற்றோர் எண்களும்: எதைக் கேட்பது, எவ்வளவு காலம் வைப்பது

பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்
ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள் அனைவருக்கும்

2026 ஜூன் முதல் நம் பள்ளியில் இந்த நடைமுறை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல்தான் அடிப்படை. தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டுமே விலக்கு.

சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் மாத வருமானம், சொந்த வீடா வாடகையா என்ற கேள்விகளை எடுத்துவிட்டோம். உதவித்தொகை கேட்பவரிடம் மட்டும் வருமானச் சான்று வாங்கினால் போதும். ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. 2018இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. எமிஸ் பதிவுக்காக ஆதாரைக் காட்டினால் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள். ஜெராக்ஸ் வாங்கிக் கோப்பில் சேர்க்க வேண்டாம்.

தொலைபேசி எண்தான் பெரிய சிக்கல். நம் பெற்றோரில் பலர் பெங்களூரில் கட்டட வேலை, ஓசூரில் கம்பெனி வேலை. பிள்ளை பாட்டி வீட்டில். எண் அடிக்கடி மாறும். பழைய எண் வேறொருவர் கைக்குப் போனால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாம் அனுப்பும் செய்தி முன்பின் தெரியாதவருக்குப் போய்ச் சேரும். எனவே பெற்றோர் எண் ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, அவ்வளவே. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வகுப்பாசிரியர் கேட்டுச் சரிபார்த்து, பழையதை அடித்துவிட வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களை மே 31க்குள் கலைத்துவிட்டு, சொந்த போனில் சேமித்த எண்களையும் நீக்கிவிடுங்கள்.

சேர்க்கைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டையும் நிரந்தரம். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி கேட்டு, முப்பது வருடம் கழித்தும் ஒருவர் வந்து நிற்பார். வருகைப் பதிவேடு ஐந்து ஆண்டு. தேர்வு விடைத்தாள் அடுத்த கல்வியாண்டு முடியும் வரை. பெற்றோர் எண், முகவரி, பேருந்துப் பட்டியல் ஆகியவை மாணவர் பள்ளியை விட்டுப் போன பிறகு ஓராண்டு. கட்டணக் கணக்கு முடிக்க அது போதும். உடல்நலக் குறிப்பை டி.சி. கொடுக்கும் நாளிலேயே பெற்றோரிடம் ஒப்படைத்துவிடலாம். கேமரா பதிவு 30 நாள். இடம் கிடைக்காதவர்களின் விண்ணப்பங்களை ஆகஸ்ட் மாதத்துக்குள் அழிக்க வேண்டும்.

இவை பொதுவான காலம். கல்வித்துறையோ தணிக்கையோ கூடுதலாகக் கேட்டால் அதுவே செல்லும். வழக்கோ புகாரோ நிலுவையில் இருந்தால் ஒரு தாளையும் தொடக் கூடாது.

அப்புறம், அழிப்பது என்றால் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடுவதல்ல. ஒரு குழந்தையின் பெயர், சாதி, அப்பாவின் போன் எண் எல்லாம் இருக்கும் படிவம் பேருந்து நிலையத்தில் போண்டா மடிக்கும் காகிதமாகிவிடக் கூடாது. தாளைத் துண்டாக்கும் இயந்திரம் அலுவலகத்தில் உள்ளது. இரண்டு பேர் முன்னிலையில் அழித்து, அழிப்புப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள். கணினியில் அழித்ததை பென்டிரைவிலும் பேக்கப்பிலும் பார்த்து அழிக்க வேண்டும்.

தங்கள் பிள்ளையைப் பற்றி என்ன வைத்திருக்கிறோம் என்று பெற்றோர் கேட்டால் ஏழு நாளுக்குள் காட்டுங்கள், தவறிருந்தால் திருத்துங்கள். சந்தேகம் வந்தால் அழிக்கும் முன் என்னிடம் கேளுங்கள்.

தலைமை ஆசிரியர்