ரத்த மாதிரி கைமாற்றுப் பட்டியல்: திருத்துறைப்பூண்டி சேகரிப்பு மையம் – தஞ்சாவூர் ஆய்வகம்

நாள்: 19.11.2024, செவ்வாய். காலை நடை.
புறப்படும் இடம்: திருத்துறைப்பூண்டி சேகரிப்பு மையம்.
சேரும் இடம்: தஞ்சாவூர் ஆய்வகம், மாதிரி வரவேற்பு.
வழி: கோட்டூர், மன்னார்குடி, வடுவூர். மன்னார்குடி கிளை மையத்தில் ஆள் மாறும்.
பெட்டிகள்: 2. டியூப், பாட்டில் மொத்தம்: 24. நோயாளிகள்: 11.

பெட்டி யார் கையில் இருக்கிறதோ பட்டியலும் அவர் கையில் இருக்கும். வாங்கியவுடன் முதல் வேலை சீல் எண்ணையும் வெப்பநிலையையும் பார்த்து எழுதுவது, பிறகுதான் கையொப்பம். திருத்தம் வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பணியாளர் எண்ணும் நேரமும் எழுத வேண்டும். வெள்ளை மை பூசிய பட்டியலை ஆய்வகம் வாங்காது. நோயாளியின் பெயர் இதில் வராது. பெயரும் வயதும் மூடிய உறையில் தனியே போகிறது. டியூபில் மட்டும் பெயர், மையம் தந்த நோயாளி எண், எடுத்த நேரம் மூன்றும் உண்டு.

அ. குளிர் பெட்டி – 16 டியூப் – 2 முதல் 8 டிகிரி – சீல் எண் 4417

மஞ்சள் மூடி, ஜெல் டியூப், 8:
01 (எடுத்தது 6:10), 02 (6:25), 03 (7:05), 05 (7:10), 11 (7:20), 08 (7:35), 09 (7:55), 06 (8:05).
முதல் ஆறும் உறைய அரை மணி நேரத்துக்கு மேல் நின்ற பின் 8:10க்கு, 09, 06 இரண்டும் 8:50க்கு மையவிலக்கியில் 10 நிமிடம் சுற்றப்பட்டன. எட்டிலும் சீரம் ஜெல்லுக்கு மேலே தெளிவாக நிற்கிறது. எல்லாம் நின்ற வாக்கில் ரேக்கில்.

09க்குப் பொட்டாசியம் கேட்டிருக்கிறார்கள், சிறுநீரக நோயாளி. இதற்காகவே ஒரு வரி எழுதுகிறேன்: பிரிக்காத ரத்தத்தை அப்படியே குளிரில் வைத்தால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவு ஏறிவிடும். நல்ல மனிதரை டயாலிசிஸுக்கு ஓட வைக்கிற பிழை அது. 09 பிரித்த பிறகுதான் குளிருக்குப் போனது. அதற்கு ஊதா டியூப் எடுக்கவே இல்லை, ஆகவே அந்த டியூபில் உள்ள மருந்து கலந்து பொட்டாசியம் ஏறும் பேச்சும் இல்லை.

சாம்பல் மூடி, ஃப்ளோரைடு, 5:
02 வெறும் வயிறு (6:25), 02 சாப்பிட்ட பின் (8:55), 05 வெறும் வயிறு (7:10), 05 சாப்பிட்ட பின் (9:42), 08 வெறும் வயிறு (7:35).
02, 05 இருவருக்கும் இரண்டிரண்டு டியூப். ஒரே பெயர், ஒரே எண், ஒரே நிற மூடி. நேரத்தைத் தவிர வேறு அடையாளம் கிடையாது. அதனால் வெறும் வயிற்று டியூபின் மூடியில் 'வெ', மற்றதில் 'சா' என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன். வரவேற்பில் இருப்பவர்கள் மூடியைப் பார்த்தாலும் லேபிளில் உள்ள நேரத்தோடு ஒத்துப் பார்த்தே பதிவு செய்ய வேண்டும்.

ஊதா மூடி, ஈ.டி.டி.ஏ., எச்பிஏ1சி மட்டும், 3:
02 (6:25), 05 (7:10), 08 (7:35).

ஆ. சாதாரண வெப்பப் பெட்டி – 8 – 18 முதல் 25 டிகிரி – சீல் எண் 4418 – ஐஸ் பேக் கிடையாது

ஊதா மூடி, முழு ரத்த எண்ணிக்கை, 4: 01 (6:10), 07 (7:30), 04 (8:15), 10 (9:05).
நீல மூடி, சிட்ரேட், 2: 03 (7:05), 07 (7:30). இருவரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஐ.என்.ஆர். கேட்டது.
ரத்த வளர்ப்பு பாட்டில், 2: 10 (9:05). நான்கு நாள் காய்ச்சல். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் எடுத்தது. எந்தக் காரணத்துக்காகவும் குளிர் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. எடுத்ததிலிருந்து 4 மணி நேரத்துக்குள் இன்குபேட்டருக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் கணக்கு, ஆக 13:05க்குள்.

பெட்டி அடுக்கிய விதம்: டியூப் ரேக், அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சுத்தாள், கசியாத மூடி போட்ட டப்பா, வெளியே கடினப் பெட்டி. வெளிப்பெட்டியில் யு.என். 3373 அடையாளமும் 'இந்தப் பக்கம் மேலே' அம்புக்குறியும் ஒட்டியிருக்கிறது. சிந்தினால் பயன்படுத்த 1 சதவீத ஹைப்போகுளோரைட் பாட்டில், கையுறை இரண்டு ஜோடி, மஞ்சள் பை ஒன்று வண்டியின் பக்கப் பையில்.

கைமாற்று 1. 10:10. திருத்துறைப்பூண்டி.
கொடுத்தவர்: மைய மேற்பார்வையாளர், பணியாளர் எண் 07. வாங்கியவர்: இருசக்கர வண்டியில் கொண்டுசெல்பவர், பணியாளர் எண் 19.
சீல் 4417, 4418 இரண்டும் சரி. குளிர் பெட்டி 4.1 டிகிரி. சாதாரணப் பெட்டி 24.0 டிகிரி. எண்ணிக்கை இருவரும் சேர்ந்து எண்ணியது: 16 + 8 = 24. இருவர் கையொப்பமும் உண்டு.
குறிப்பு (07): 05க்காகக் காத்திருந்ததில் கிளம்பவே பத்து நிமிடம் தாமதம். இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் எடுக்க முடியாதே.

வழியில் நிறுத்தம். 10:47 – 10:59. கோட்டூர் தாண்டி, பேருந்து நிழற்குடை.
குறிப்பு (19): கனமழை. ரோட்டில் எதிரே வருவது தெரியவில்லை. இரண்டு பெட்டியும் வண்டியிலிருந்து இறக்கி என் பக்கத்தில் பெஞ்சில் வைத்திருந்தேன். வேறு யாரும் தொடவில்லை. இரண்டு சீலும் அப்படியே.

கைமாற்று 2. 11:22. மன்னார்குடி கிளை மையம்.
கொடுத்தவர்: 19. வாங்கியவர்: கொண்டுசெல்பவர், பணியாளர் எண் 23. உடனிருந்தவர்: கிளை டெக்னீஷியன், பணியாளர் எண் 11.
சீல் 4417, 4418 சரி. சாதாரணப் பெட்டி 23.2 டிகிரி. குளிர் பெட்டி 1.3 டிகிரி. வரம்புக்குக் கீழே. 23 வாங்க மறுத்தார், அது சரிதான்.

குறிப்பு (11): வெப்பம் ஏறித்தான் பார்த்திருக்கிறோம், இறங்கிப் பார்ப்பது அபூர்வம். 07க்குப் போன் போட்டு, "அக்கா, பெட்டி ரொம்ப ஜில்லுன்னு காட்டுது, என்ன செய்யட்டும்" என்று கேட்டேன். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வியர்க்கும் வரை வெளியே வைக்காமல், தாமதத்தைப் பார்த்து நேரே உள்ளே வைத்துவிட்டதாகச் சொன்னார். பதிவுக் கருவியில் 10:36 முதல் 2 டிகிரிக்குக் கீழே. மிகக் குறைந்தது 1.2. சுழிக்குக் கீழே ஒரு தடவையும் போகவில்லை. அதனால் ரத்தம் பனிக்கட்டி ஆகியிருக்க வழியில்லை. இருந்தாலும் கண்ணால் பார்க்காமல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சீல் உடைப்பு. 11:30. 07 போனில் அனுமதி தந்தார். 4417 உடைத்தவர் 11, பார்த்தவர்கள் 19, 23.
மூன்று ஊதா டியூபையும் மெல்லக் கவிழ்த்துப் பார்த்தோம். ரத்தம் தாராளமாக ஓடுகிறது, கட்டி இல்லை. எட்டு மஞ்சள் டியூபிலும் சீரம் வைக்கோல் நிறம், சிவப்பு ஏறவில்லை. ஒரு ஐஸ் பேக் வெளியே எடுக்கப்பட்டது. மீதி இரண்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே அட்டை வைக்கப்பட்டது.
08 ஊதா டியூபில் ஈரம் பட்டு லேபிளின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. பெயர், எண், நேரம் மூன்றும் படிக்க முடிகிறது. புது லேபிள் ஒட்டவில்லை. மாதிரி எடுத்தவர் இங்கே இல்லாதபோது அதைச் செய்யக் கூடாது. மேலே ஒளிபுகும் டேப் மட்டும்.
மறுபடி எண்ணியது: 16. புது சீல் எண் 2093, நேரம் 11:41. உடைந்த 4417இன் இரண்டு துண்டும் இந்தப் பட்டியலின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. மூவர் கையொப்பம்.
11:46க்குக் குளிர் பெட்டி 3.0 டிகிரி. 23 வாங்கிக்கொண்டார். இதற்கு மேல் எங்கும் நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன், வளர்ப்பு பாட்டிலின் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கைமாற்று 3. 12:52. தஞ்சாவூர் ஆய்வகம், மாதிரி வரவேற்பு.
கொடுத்தவர்: 23. வாங்கியவர்: வரவேற்பு டெக்னீஷியன், பணியாளர் எண் 31.
சீல் 2093, 4418 சரி. குளிர் பெட்டி 4.6 டிகிரி. சாதாரணப் பெட்டி 22.8 டிகிரி. எண்ணிக்கை 16 + 8 = 24. பெயர் உறை ஒட்டியபடி வந்தது.

முதலில் பிரித்தது சாதாரணப் பெட்டி. 10இன் இரண்டு பாட்டிலும் 13:01க்கு இன்குபேட்டருக்குள். நான்கு நிமிடம் மிச்சம்.

ஏற்றது 23. ஏற்காதது 1.

ஏற்காதது: நோயாளி 07, நீல மூடி. ரத்தம் கோட்டுக்குக் கீழே ஏறத்தாழ அரை மில்லி குறைவு. இந்த டியூபில் ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் இருந்தால்தான் கணக்கு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் அதிகமாகி, உறைய எடுக்கும் நேரம் உள்ளதை விட நீண்டு தெரியும். அந்தத் தாளைப் பார்த்து மருத்துவர் வார்ஃபரினைக் குறைத்துவிட்டால் ரத்தக் கட்டி அடைக்கிற ஆபத்து நோயாளிக்குத்தான். 'ஓரளவு ஓட்டிப் பார்க்கலாமே' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. டியூப் தனி ரேக்கில், 'ஏற்கப்படவில்லை' என்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

நிபந்தனையோடு ஏற்றது: 08 ஊதா. மூலை பிரிந்த லேபிளில் உள்ள மூன்று விவரமும் உறையில் உள்ள சீட்டோடு ஒத்துப்போகிறது. பணியாளர்கள் 31, 34 இருவரும் சரிபார்த்தது.
வெப்பம் இறங்கிய பெட்டியில் வந்தது என்ற குறிப்போடு ஏற்றது: குளிர் பெட்டியின் 16 டியூபும். சிவப்பணு சிதைவுக் குறியீடு ஒவ்வொரு மஞ்சள் டியூபிலும் இயந்திரத்தில் பார்க்கப்பட்டது, எட்டும் வரம்புக்குள். 09 பொட்டாசியம் ஓட்டத் தடையில்லை.

02, 05 சாம்பல் டியூப்கள் நான்கும் லேபிள் நேரத்தை வைத்தே பதிவானது. மூடியில் 'வெ', 'சா' எழுதியது உதவியாக இருந்தது. 05 'சா' மூடியில் எழுத்து பாதி அழிந்துவிட்டது, அடுத்த முறை அழியாத மார்க்கர் வேண்டும்.

தகவல் சொன்னது. 13:20. 31, திருத்துறைப்பூண்டி பணியாளர் 07க்குப் போனில்.
நோயாளி 07இன் நீல டியூப் ஏற்கப்படவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். கேட்டவர் எண்ணைத் திரும்பச் சொல்லி உறுதி செய்தார்.
பதில் (07): எண்ணிப் பார்த்தேனே தவிர கோட்டைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. நரம்பு கிடைப்பது சிரமமான கை, இரண்டாவது குத்தில் ரத்தம் மெதுவாகத்தான் வந்தது. அவரிடம் பேசிவிட்டேன், ஊர் பக்கம்தான், சாயங்காலம் 4 மணிக்கு வருகிறார். மாலை நடையில் புது எண் 07-மறு என்று வரும். காலைக் கணக்கோடு சேர்க்க வேண்டாம். இரண்டாவது தடவைக்குப் பணம் வாங்கமாட்டோம் என்றும் சொல்லியாகிவிட்டது.

திரும்பியது. 14:05. தஞ்சாவூரிலிருந்து 23 எடுத்துச் சென்றது: காலிப் பெட்டி 2, ரேக் 2, ஐஸ் பேக் 2. பெட்டியின் உட்புறம் ஹைப்போகுளோரைட்டில் துடைத்து உலர்த்தியது. மூன்றாவது ஐஸ் பேக் மன்னார்குடி ஃப்ரீசரில் இருக்கிறது. 19 மாலை நடையில் எடுத்துக்கொள்வார்.
பட்டியலின் மூலப்பிரதி ஆய்வகத்தில், நகல் ஒன்று பெட்டியோடு திருத்துறைப்பூண்டிக்கு.