ஆடு திருட்டுப் புகாரைப் பதிய மறுத்தது குறித்து காவல் கண்காணிப்பாளருக்கு மனு

பதிவஞ்சல், ஒப்புகை அட்டையுடன்
நாள்: 14.03.2025

அனுப்புநர்:
அ. முத்துலட்சுமி, க/பெ அழகர்,
மேலத்தெரு, புளியந்தோப்புப்பட்டி,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம், திண்டுக்கல்.

பொருள்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2023, பிரிவு 173(4)-இன்படி மனு.

ஐயா,

வணக்கம். 11.03.2025 இரவு சுமார் 2 மணிக்கு, எங்கள் பட்டியின் பூட்டை உடைத்து மூன்று சினை வெள்ளாடுகளைச் சிலர் ஓட்டிச் சென்றுவிட்டனர். மதிப்பு சுமார் 42,000 ரூபாய். ஒன்றுக்கு இடது காது பாதி அறுந்திருக்கும். நாய் குரைத்து நான் எழுந்து வருவதற்குள் நம்பர் பிளேட் இல்லாத வெள்ளை நிற மினி வேன் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலை எங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். “மேயப் போன இடத்தில் தேடிப் பாரும்மா” என்று திருப்பித் தந்துவிட்டார்கள். சி.எஸ்.ஆர். ரசீதும் தரவில்லை. பூட்டை உடைத்துக்கொண்டா ஆடு மேயப் போகும்?

இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம். இத்தகைய புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. முக்குச் சாலை டீக்கடை கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்கிறார் கடைக்காரர். எனவே உடனே வழக்குப் பதிந்து, அப்பதிவைக் கைப்பற்றி விசாரிக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: 12.03.2025 புகார் நகல், உடைந்த பூட்டின் புகைப்படம்.

இப்படிக்கு,
அ. முத்துலட்சுமி